அச்சில் சாம்பலாகும் சிவப்பு வட்டம்: வார அறிக்கையில் எமோஜி

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர் கடந்த வாரம் அனுப்பிய பணிநிலை அறிக்கையில் பதினான்கு வரிகளும் பதினான்கு எமோஜிகளும் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய அறிக்கைகளும் அப்படியே இருந்தன என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. வாடிக்கையாளருக்குச் சிரிப்பு முகம் அனுப்பக் கூடாது என்பது எவருக்கும் தெரியும். தெரியாமல் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லா வரிக்கும் ஒன்று

ஒரே மாதிரியான வரிகளுக்கிடையே வேறுபட்டு நிற்பதையே கண் முதலில் பிடிக்கிறது. எல்லா வரியின் தொடக்கத்திலும் ராக்கெட், நட்சத்திரம், குண்டூசி என்று வைத்துவிட்டால் வேறுபட்டு நிற்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு திரையளவு அறிக்கைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்பது நான் வைத்திருக்கும் அளவு.

சொல்லின் இடத்தில் நிறவட்டம்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அன்று என் அறிக்கையில் பதினொரு பணிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நிறவட்டம் வைத்திருந்தேனே தவிர, நிலையைச் சொல்லும் சொல் எதையும் எழுதவில்லை. அவற்றில் மூன்று வரிகள் இவை:

```
🟢 கட்டணப் பக்கம்
🟡 பயனர் பதிவு
🔴 தரவு மாற்றம்
```

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு மேலாளர் அதைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தார். சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தன. ஏழாவது வரியில் தடைபட்டு நின்ற தரவு மாற்றத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும், சிவப்பு வட்டத்தைப் பார்த்த பிறகும் கேட்காததால் அவர்களுக்கு அதில் கவலையில்லை என்று எண்ணி வாய் திறக்கவில்லை. சர்வர் அனுமதியை வாடிக்கையாளர் தரப்பில் ஒரு வாரம் முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும். வெளியீடு ஒன்பது நாள் தள்ளிப்போனது. "சிவப்பு வைத்திருந்தேனே" என்று நான் சொன்ன சமாதானத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அச்சு இயந்திரம் மட்டுமே காரணம் என்று சில காலம் நம்பியிருந்தேன். பிறகுதான், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத சக ஊழியர் ஒருவர் வாரந்தோறும் என் அறிக்கை வந்ததும் அடுத்த இருக்கைக்காரரிடம் நிறத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் அந்த வரி "சிவப்பு வட்டம், தரவு மாற்றம்" என்றே ஒலிக்கும். அதில் தடை என்ற செய்தி இல்லை. மஞ்சளை நான் 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற பொருளில் வைத்தேன். வாடிக்கையாளரோ அதை 'ஆபத்து' என்று படித்தார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிவப்பு வட்டம் 2010-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது, பச்சையும் மஞ்சளும் 2019-இல்தான் வந்தன. ஆகையால் பழைய கணினியில் சிவப்பு ஒழுங்காகத் தெரிய, மற்ற இரண்டும் வெற்றுக் கட்டங்களாகத் தெரியக்கூடும்.

அதே மூன்று வரிகளை இப்போது இப்படி எழுதுவேன்:

```
⚠️ தடை: தரவு மாற்றம். சர்வர் அனுமதி வியாழனுக்குள் தேவை.
நடக்கிறது: பயனர் பதிவு, 2 நாள் தாமதம்.
முடிந்தது: கட்டணப் பக்கம்.
```

நிலையைச் சொல் சொல்லிவிடுகிறது. அவசரமானது மேலே வந்துவிடுகிறது. எமோஜி, கண்ணை எங்கே முதலில் நிறுத்துவது என்பதை மட்டும் காட்டுகிறது. அதை அழித்துவிட்டுப் படித்தாலும் அறிக்கையின் பொருள் குறையவில்லை என்றால் அது சரியான இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். முடிந்த பணிக்கு ✅ வைக்கும் ஆசை பலருக்கு வரும். முடிந்ததன் மேல் எவர் கண்ணும் நிற்க வேண்டிய தேவையில்லை.

ஒரே குறிக்கு இரண்டு முகம்

எச்சரிக்கை முக்கோணம் எமோஜிக்கு முன்பே யூனிகோடில் இருந்த பழைய எழுத்துக்குறி. அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத U+FE0F என்ற குறி இருந்தால் மஞ்சள் எமோஜியாகவும், இல்லாவிட்டால் பல இடங்களில் மெல்லிய கறுப்புக் கோட்டுருவமாகவும் அது தெரிகிறது. வெவ்வேறு இடங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் கலந்து, அரைகுறை வேலையாகத் தோன்றும். ஒன்றைத் தேர்ந்து, அதையே எல்லா இடத்திலும் ஒட்டுங்கள்.

வாக்கியத்தின் நடுவில்

வேண்டாம். வரியின் தொடக்கத்தில் மட்டும்.

மின்னஞ்சலின் தலைப்பு வரியில்

வெளியாருக்குப் போவதென்றால் ஒன்றுகூட வேண்டாம்.

அனுப்பும் முன் பார்க்காதது

அச்சிடும் சாளரத்தைத் திறந்து, கறுப்பு வெள்ளையைத் தேர்ந்து, முன்னோட்டத்தைப் பாருங்கள். தடைபட்ட வரி எது என்று அதில் தெரியாவிட்டால் அறிக்கையை இன்னும் அனுப்பாதீர்கள். அச்சிட வேண்டியதில்லை, பத்து நொடி போதும்.