சுவருக்குள் ஒற்றைக் கம்பி, மேசைக்குப் பல இழை

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பின் கணினி அறையில், கிகாபிட் சுவிட்சில் இணைத்திருந்தும் ஒரு கணினி மட்டும் அடிக்கடி வேகம் குறைந்தது. `ethtool eth0` கட்டளை `Speed: 100Mb/s` என்று காட்டியது. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு கம்பி இணைகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும் என்பதால், ஏதோ ஓர் இணை விட்டுப்போகிறது என்று ஊகித்துச் சுவர்ச் சாக்கெட்டைக் கழற்றினேன். முன்பு பொருத்தியவர்கள் சுவருக்குள் போட்டிருந்தது, ஒவ்வொரு கம்பியும் ஏழு மெல்லிய செம்பு இழைகளைத் திரித்து ஆன பேட்ச் கேபிள். அந்தச் சாக்கெட்டின் பிளவுத் தகடு, உறையைக் கிழித்து ஒரே தடித்த கம்பியைக் கவ்வுவதற்காக அமைந்தது. இழைகளோ அதன் நடுவே பரவி, சில வெட்டுப்பட்டு, பிடி நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. இழைக் கம்பியில் சமிக்ஞை இழப்பும் கூடுதல். ஓர் இணைப்புக்கான 100 மீட்டர் நீள எல்லையில் 90 மீட்டரை ஒற்றைக் கம்பிக்கு ஒதுக்குவது இதனால்தான்.

பழைய கேபிளின் நுனியில் ஒற்றைக் கம்பி கேட் 6 கேபிளைக் கட்டிக் குழாய் வழியே இழுத்து, பஞ்ச் டவுன் கருவியால் சாக்கெட்டில் பதித்ததும் வேகம் 1000-இல் நிலைத்தது. சாக்கெட்டிலிருந்து கணினி வரை மட்டும் இழைக் கேபிளையே வைத்தேன், ஏனெனில் அடிக்கடி வளையும் இடத்தில் ஒற்றைக் கம்பி முறிந்துவிடும்.