தைராய்டு குறைந்தால் அயோடின் சொட்டா?

எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் தைராய்டு விஷயத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். மாத்திரையைக் காப்பியோடு விழுங்கக் கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். அயோடின் பற்றியவை மட்டும் இங்கே.

கடல் உப்பை நம்புவது

"மரக்காணத்துக் கல்லுப்பு கடலிலிருந்து வருவதுதானே சார், அதில் இல்லாத அயோடினா?" என்று கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்பார்கள். கணக்குப் போட்டால் தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம், அயோடின் 60 மைக்ரோகிராம் அளவுதான். அவ்வளவும் உப்பிலேயே தங்கினாலும் 10 கிராமுக்குச் சுமார் 17 மைக்ரோகிராம்தான் தேறும். உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. கடையில் விற்கும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டி.எஸ்.எச். கூடினால் அயோடின் குறைவு என்று முடிவு கட்டுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

தவறு பிறக்கும் இடம் நியாயமானது. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள், டி3-இல் மூன்று. அயோடின் இல்லாமல் இந்த ஹார்மோனைக் கட்டவே முடியாது. அதனால் சுரப்பி ரத்தத்தில் ஓடும் அயோடினைத் தன் செல்களின் பம்பால் உள்ளே இழுத்து, டி.பி.ஓ. என்ற நொதியின் உதவியோடு ஒரு பெரிய புரதத்தில் பொருத்தி, ஹார்மோனாக்கிச் சேமித்து வைக்கிறது. அயோடின் வரத்து குறைந்தால் உற்பத்தி குறையும், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டி விரட்டும், கழுத்து வீங்கும். எல்லாம் சரி. ஆனால் அயோடின் உப்பு புழங்கும் வீட்டில் டி.எஸ்.எச். கூடியிருந்தால் பெரும்பாலும் காரணம் வேறு: உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அங்கே கெட்டிருப்பது தொழிற்சாலை, கச்சாப்பொருள் தாராளமாகவே இருக்கிறது.

கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு பெண், வயது முப்பதைத் தாண்டியவர். டி.எஸ்.எச். 6.8, டி4 சரியான அளவு, ஹாஷிமோட்டோவைக் காட்டும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் மிக அதிகம். மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பியிருந்தோம். திரும்பி வந்தபோது முகம் உப்பியிருந்தது, குரல் கரகரத்தது, மலச்சிக்கல், கழுத்தில் லேசான வீக்கம். டி.எஸ்.எச். 46, டி4 தரைமட்டம். பயிற்சி டாக்டர் நோய் முற்றிவிட்டது என்று சொல்லி, ஆயுசுக்கும் 100 மைக்ரோகிராம் மாத்திரை என்று எழுதத் தயாராகிவிட்டார். மூன்று மாதத்தில் ஹாஷிமோட்டோ இப்படிக் குதிப்பது வழக்கமில்லை. அந்தக் குதிப்புதான் துப்பு.

"வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களாம்மா?"

"மருந்து ஒன்றும் இல்லை சார். சத்துக்குச் சொட்டு மட்டும்."

பையிலிருந்து எடுத்த பழுப்பு நிறக் குப்பியில் லுகோல் அயோடின், 5 சதவீதம். தினம் இரண்டு துளி தண்ணீரில். லேபிளில் ஒரு துளிக்குச் சுமார் 6 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு 150 தேவை, நாம் எடுப்பது வெறும் 12 என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். 150 என்பது மைக்ரோகிராம், 12 என்பது மில்லிகிராம். பன்னிரண்டு மில்லிகிராம் என்றால் 12,000 மைக்ரோகிராம், தேவையைப் போல 80 மடங்கு. பயிற்சி டாக்டரும் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்தான் சார்" என்றார்! எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இவ்வளவு அயோடின் உள்ளே போனால் ஹார்மோன் கூடத்தானே வேண்டும், ஏன் குறைந்தது? 1948-இல் உல்ஃப், சாய்காஃப் என்ற இருவர் எலிகளுக்கு அயோடினை அள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அயோடின் ஓர் அளவைத் தாண்டியதும் சுரப்பி அதைப் புரதத்தில் பொருத்தும் வேலையையே நிறுத்திவிட்டது. செல்லுக்குள் குவியும் அயோடின், டி.பி.ஓ. செய்யும் வேலையைத் தடுக்கிறது. திடீரென்று நிறைய அயோடின் வந்தால் ஹார்மோன் வெள்ளமாகப் பாயாமல் காக்கும் ஏற்பாடு இது. நல்ல சுரப்பி இரண்டொரு நாளில் இதிலிருந்து தப்பித்துவிடும்: பம்புகளைக் குறைத்துக்கொள்ளும், உள்ளே அயோடின் வடியும், உற்பத்தி மீண்டும் தொடங்கும். ஹாஷிமோட்டோவால் அடிபட்ட சுரப்பிக்கு இந்தத் தப்பித்தல் பல நேரம் வராது. கதிரியக்க அயோடின் வாங்கியவர்கள், பாதி சுரப்பியை எடுத்தவர்கள் நிலையும் அப்படியே. அயோடின் வந்துகொண்டிருக்கும்வரை உற்பத்தி முடங்கியே கிடக்கும். ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் தைராய்டு அறுவைக்கு முன் பத்து நாள் போல இதே லுகோல் சொட்டைக் கொடுப்பது, சுரப்பியை அடக்குவதற்காகத்தான். அடக்கக் கொடுக்கும் மருந்தைச் சத்து என்று குடித்தால் என்ன ஆகும்?

சொட்டை நிறுத்தச் சொன்னோம். அவர் கர்ப்பமாக இல்லை, இதயக் கோளாறும் இல்லை என்பதால், மாத்திரையைத் தள்ளிப்போட்டு அடிக்கடி பார்த்துக்கொண்டோம். கர்ப்பிணியாக இருந்திருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மாத்திரை தொடங்கியிருப்போம். ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். 11, அப்புறம் இன்னும் இரண்டு மாதத்தில் 7. அதாவது பழைய ஹாஷிமோட்டோ இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லாருக்கும் இப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு நிறுத்தின பிறகும் மாத்திரை தேவைப்படும்.

இன்னொன்று. நடுவில் அவர் முழங்கையில் அயோடினைத் தடவி, கறை எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்திருக்கிறார். சீக்கிரம் மறைந்தால் உடலில் அயோடின் குறைவாம். கறை மறைவது அயோடின் காற்றில் ஆவியாவதாலும் நிறமில்லாத அயோடைடாக மாறுவதாலும். அதற்கும் தைராய்டுக்கும் சம்பந்தமே இல்லை. சிறுநீர் அயோடின் சோதனையும் ஓர் ஊரின் நிலையை அளக்க உருவானது. ஒருவரின் ஒருநாள் சிறுநீரை வைத்துக் குறைவு என்று சொல்ல முடியாது, அளவுக்கு மீறிய குவியலை மட்டும் அது காட்டிக்கொடுக்கும்.

டி.எஸ்.எச். திடீரென்று எகிறினால் மாத்திரை எழுதும் முன் நான் கேட்பது: சொட்டு, கடற்பாசி மாத்திரை, சமீபத்தில் அயோடின் கலந்த மருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேன், இதயத் துடிப்புக்கு அமியோடரோன். 200 மில்லிகிராம் அமியோடரோன் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. இதய டாக்டரைக் கேட்காமல் அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பயந்து போய் அயோடின் உப்பை நிறுத்துவது

வேண்டாம். உப்பில் உள்ளது மைக்ரோகிராம் கணக்கு.

பழைய கழலைக்கு அயோடின்

பல வருடமாகக் கட்டி கட்டியாகக் கழலை உள்ள முதியவருக்கு நேர் எதிராக நடக்கும்: ஹார்மோன் பொங்கி, நெஞ்சு படபடக்கும்.

பச்சிளங்குழந்தையின் தொப்புளில் போவிடோன்

புண்ணுக்குப் போடும் 10 சதவீதப் போவிடோன் அயோடின் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் அயோடின் தரும். பிறந்த குழந்தையின் தோல் அதை நன்றாக உறிஞ்சும், குறைமாதத்தில் பிறந்ததென்றால் இன்னும் அதிகம். பம்பைக் குறைத்துத் தப்பிக்கும் வித்தையை அதன் சுரப்பி இன்னும் கற்கவில்லை. தொப்புளைச் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்தால் போதும். ஏற்கெனவே தடவியிருந்தால், தைராய்டு சோதனைக்காகக் குதிகாலில் ரத்தம் எடுக்க வரும் நர்ஸிடம் அதைச் சொல்லிவிடுங்கள், டி.எஸ்.எச். கூடியிருந்தால் காரணத்தைத் தேட டாக்டருக்கு அது உதவும்.