ஓரத்தில் விலகிய முறுக்கு லேபிள்

தீபாவளிக்கு அக்கா தேக்காவில் விற்கும் முறுக்கு டப்பாக்களுக்கு ஏ4 ஸ்டிக்கர் தாளில் லேபிள் அச்சடித்தேன். தாளுக்கு 24 லேபிள், ஒவ்வொன்றும் 70 x 37 மி.மீ. மேல் வரிசை எழுத்து கீழே இறங்கியது; கீழ் வரிசை எழுத்து மேலே ஏறியது. நடு வரிசைகள் மட்டும் கச்சிதம்.

ஃபைலில் மேல் மார்ஜினைக் குறைத்தால் மேல் வரிசை சரியாகும், கீழ் வரிசை இன்னும் கெடும். வேறு கடைத் தாளிலும் அதே கதை. நாள்கள் வீணானதுதான் மிச்சம்.

நடு வரிசைகள் சரியாக இருந்ததுதான் துப்பு. தாள் நகர்ந்திருந்தால் எல்லா வரிசையும் ஒரே பக்கம் விலகியிருக்கும். ஓரத்துக்குப் போகப் போக விலகல் கூடினால் அளவே சுருங்குகிறது என்று அர்த்தம். சாதாரணத் தாளில் 10 செ.மீ. கோடு அச்சடித்து அளந்தேன்: 9.6 செ.மீ.

காரணம், அக்ரோபேட் ரீடரின் பிரின்ட் பெட்டியில் இருந்த Fit. பிரின்டரால் அச்சிட முடியாத ஓரத்தை விட்டு, முழுப் பக்கத்தையும் உள்ளே சுருக்கிவிடுகிறது. முன்னோட்டத்துக்கு மேலே Scale: 96% என்று சின்னதாகப் போட்டிருக்கிறது, யார் பார்க்கிறார்கள்! Actual size தேர்ந்தெடுத்ததும் 100% ஆனது, கோடும் 10 செ.மீ. வந்தது.

அப்புறமும் எல்லா வரிசையும் ஒரு மி.மீ. கீழே இருந்தன. இது தாள் இழுப்பு, மார்ஜினில் சரிசெய்தேன். Actual size-இல் தாளின் ஓர எழுத்து வெட்டுப்படலாம், அதனால் 5 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.