சம்பள அட்வான்ஸ் கேட்டு எச்.ஆருக்கு மெயில்: அனுப்பும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர், அம்மாவின் ஆபரேஷனுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் பணம் கட்ட முப்பதாயிரம் அட்வான்ஸ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் எழுதினால் மெயில் இப்படித்தான் வரும்:

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கவும். வேறு வழியில்லாமல்தான் கேட்கிறேன். அவசரமாக 3,0000 தேவை. முடிந்த அளவு கொடுத்தாலும் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 6,000 பிடித்துக்கொள்ளுங்கள்."

பெரும்பாலானோர் முதலில் எழுத்துப்பிழையைத் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எண்களை. 3,0000 என்பது மூவாயிரமா, முப்பதாயிரமா? கமாவைச் சரியாகப் போட்டு, பக்கத்தில் எழுத்தாலும் எழுதுங்கள். அடுத்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை விரல் விட்டு எண்ணினால் நான்கே மாதம். நான்கு ஆறாயிரம் 24,000 தான்; இன்னும் 6,000 தொங்குகிறது. "ஜூன் முதல்" என்பதும் குழப்பம்தான். ஜூன் மாதச் சம்பளம் பல கம்பெனிகளில் ஜூலை முதல் வாரத்தில்தான் கைக்கு வரும். எந்தச் சம்பளம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தவணையை முடிவு செய்யும் முன் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., பழைய கடன், புதிய தவணை எல்லாம் சேர்ந்த பிடித்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சம்பளம் 20,000, ஏற்கெனவே 4,500 பிடிக்கிறார்கள் என்றால், 6,000 சேர்ந்ததும் 10,500 ஆகிவிடும். கேட்டது நியாயமாக இருந்தாலும் தவணையை மாற்றச் சொல்லி மெயில் திரும்பி வரும். 5,000 வீதம் ஆறு தவணை என்றால் கணக்கு உட்காரும்.

"முடிந்த அளவு" என்பதை அடித்துவிடுங்கள். பணிவாகத் தோன்றினாலும், எவ்வளவுக்கு ஒப்புதல் வாங்குவது என்ற சுமையை அது எச்.ஆர். மேல் ஏற்றுகிறது, அவர் திருப்பிக் கேட்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். மன்னிப்பும் வேண்டாம். காரணத்துக்கு ஒரு வரி போதும். முழு மெடிக்கல் ரிப்போர்ட்டை அனுப்பாமல், ஆஸ்பத்திரி கொடுத்த செலவு மதிப்பீட்டை மட்டும் இணையுங்கள்.

திருத்திய பிறகு:

"வணக்கம் சார். அம்மாவின் ஆபரேஷனுக்காக 30,000 (முப்பதாயிரம்) ரூபாய் அட்வான்ஸ் கேட்டு எழுதுகிறேன். இந்த மாதம் 18-ஆம் தேதிக்குள் ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டும். ஜூன் மாதத்துக்கான சம்பளம் முதல் நவம்பர் மாதத்துக்கான சம்பளம் வரை மாதம் 5,000 வீதம் ஆறு தவணையில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். செலவு மதிப்பீட்டை இணைத்துள்ளேன்."

கீழே பெயர், எம்ப்ளாயி நம்பர், பிரிவு, போன் நம்பர். சப்ஜெக்டில் "சம்பள அட்வான்ஸ் கோரிக்கை – 30,000" என்று போட்டு, உள்ளே இருக்கும் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்; தொகையை இடையில் மாற்றியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். இணைப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். திருத்தி முடிப்பதற்குள் கை தவறி சென்ட் அழுத்தினாலும் மெயில் போகாது.