டீ வலையமைப்பின் இசட் அளவுருக்களைப் பார்த்தவுடன் எழுதும் முறை

மின்தடைகளால் ஆன டீ வலையமைப்புக்குச் சமன்பாடு எழுதித் தீர்க்கவே வேண்டாம்: நடுக்கால் மின்தடையே Z12, Z21 இரண்டும் ஆகும், அதனுடன் இடக்கையைக் கூட்டினால் Z11, வலக்கையைக் கூட்டினால் Z22. இடக்கை 220, வலக்கை 330, நடுக்கால் 470 ஓம் எனில் Z11 = 690 Ω, Z22 = 800 Ω, Z12 = Z21 = 470 Ω.

இரண்டாம் முனையைத் திறந்து வைத்து முதல் முனையில் 10 மில்லிஆம்பியர் செலுத்தினால், வலக்கையில் மின்னோட்டமே இல்லாததால் நடுக்காலின் 4.7 வோல்ட் அப்படியே வெளியே தெரிகிறது. மறுபக்கமிருந்து செலுத்தினாலும் அதே நடுக்கால், அதே 4.7 வோல்ட் என்பதால் Z12 = Z21 என்னும் தலைகீழ்மை நிறைவேறுகிறது. ரிச்சி தெருவில் வாங்கிய 5 சதவீத மின்தடைகளில் நடுக்கால் 455 ஓமாக இருந்தாலும் Z12, Z21 இரண்டும் சேர்ந்தே மாறும். ஆகவே ஆய்வகத்தில் Z12, Z21 கணிசமாக வேறுபட்டால் மின்தடைகளைக் குறை சொல்லாமல், எதிர் முனையில் சுமையோ மூலமோ கழற்றப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரு மின்னோட்டங்களும் வலையமைப்பின் உள்ளே நுழைவதாகக் கொண்டால்தான் இக்குறிகள் பொருந்தும். பை வலையமைப்புக்கு இந்தக் கூட்டல் செல்லாது. உள்ளே சார்பு மூலம் இருந்தால் Z12, Z21 பொதுவாகச் சமமாக இரா என்பதால் இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.