30 நாள் ஷரத்து: இருதரப்பு ரகசிய ஒப்பந்தத்தில் செய்யக் கூடாதவை

போன வாரம் ஜூனியர் ஒருவர் ஒரு வரைவைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு சிறு நிறுவனங்கள் கூட்டாகத் தொழில் தொடங்கலாமா என்று பேசிப் பார்க்கின்றன. அதற்கான ரகசிய ஒப்பந்தம். மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட வரி. பெயர்ப் பிழையும் விடுபட்ட தேதியும் யார் கண்ணிலும் பட்டுவிடும். இது படாது.

வாயால் சொன்னதற்கு எழுத்துக் கேட்பது

"வாய்மொழியாகச் சொல்லும் தகவல், 30 நாளுக்குள் எழுத்தில் உறுதி செய்யப்பட்டால் மட்டுமே ரகசியத் தகவலாகும்." படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சிறு நிறுவனத்தில் பேசுவதும் முதலாளி, மறுநாள் சரக்கு அனுப்ப ஓடுவதும் அவரே. யார் உட்கார்ந்து எழுதுவது?

புதிதில் நான் அந்த வரியைப் போட்ட ஒப்பந்தத்தில், என் கட்சிக்காரர் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் செய்பவர். எதிர்த்தரப்பு பம்பு செய்பவர்கள். பட்டறையைச் சுற்றிக் காட்டும்போதே கலவையில் எதை எவ்வளவு சேர்க்கிறார், எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் வைக்கிறார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மெயில் எதுவும் போகவில்லை. ஐந்து மாதத்தில் பேச்சு முறிந்தது. பிறகு அவர்களே சீல் செய்யத் தொடங்கினார்கள். நோட்டீஸ் அனுப்பினோம். நான் எழுதிய ஷரத்தையே மேற்கோள் காட்டி, 30 நாளில் எழுத்து வராததால் அது ரகசியமே அல்ல என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

இப்போது நான் இப்படி எழுதுகிறேன்: "ரகசியம் என்று குறிக்கப்பட்ட தகவலும், அதன் தன்மையையும் சொல்லப்பட்ட சூழலையும் வைத்து ரகசியம் என்று நியாயமான எவருக்கும் புரியக்கூடிய தகவலும், எழுத்தில் இருந்தாலும் வாயால் சொன்னாலும் நேரில் காட்டினாலும், ரகசியத் தகவலாகும்." அதோடு, சந்திப்பு நடந்த அன்று மாலையே என்னென்ன பேசினோம் என்று நான்கு வரி மெயில் போடச் சொல்கிறேன். செய்முறையை அதில் விவரிக்க வேண்டாம். "கலவை விகிதம், சூடேற்றும் நேரம் பற்றிப் பேசினோம்" என்றால் போதும். அது சாட்சிக்குத்தான். மெயில் போகாவிட்டாலும் பாதுகாப்பு போகாது என்பதை ஷரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

"பேசியது எல்லாமே ரகசியம்" என்று மறுகோடிக்கும் போகாதீர்கள். இது இருதரப்பு ஒப்பந்தம். அதே சுமை உங்கள் கட்சிக்காரர் தலையிலும் விழும். பெறுபவருக்கு முன்பே தெரிந்ததும், பொதுவெளியில் உள்ளதும், அவர் தானாக உருவாக்கியதும் விலக்காக இருக்கட்டும். ஆனால் அதைப் பதிவேட்டைக் காட்டி நிரூபிப்பது அவர் பொறுப்பு என்று எழுதுங்கள்.

'வெளியிடக் கூடாது' என்பதோடு நிறுத்துவது

பம்புக்காரர்கள் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை, தாங்களே பயன்படுத்திக்கொண்டார்கள். "கூட்டு முயற்சி சாத்தியமா என்று ஆராய மட்டுமே பயன்படுத்தலாம்" என்ற வரி கட்டாயம் வேண்டும்.

ஒரே காலக்கெடு

பேச்சுக்கு ஓராண்டு போதும். ரகசியம் காக்கும் கடமைக்குத் தனிக் காலம் எழுதுங்கள்.

முதல் சந்திப்புக்குப் பின் கையெழுத்து

முன்பு பேசியதும் இதில் அடங்கும் என்று ஒரு வரி சேருங்கள்.