கேள்விக்கு முன் வெற்று அட்டவணை

இளநிலை ஆய்வுத் திட்டத்துக்கான கேள்வியை உறுதிசெய்யும் முன், அதன் முடிவுகள் இடம்பெற வேண்டிய அட்டவணையை எண்கள் ஏதுமின்றி ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

"மாணவர்களும் தூக்கமும்" என்ற தலைப்புக்கு அப்படி வரையத் தொடங்கினால், வரிசைகளில் யாரை எழுதுவது, பத்தியில் எதை அளப்பது என்று கை நின்றுவிடும். தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வரிசைகளில் "விடுதியில் தங்குவோர்", "வீட்டிலிருந்து வருவோர்" என்றும், பத்தியில் "தேர்வுக்கு முந்தைய 7 இரவுகளில் தூங்கிய சராசரி நேரம்" என்றும் எழுதியதும் கேள்வி உருவாகிவிடுகிறது: எங்கள் துறை மாணவர்களில் இவ்விரு பிரிவினரும் அந்த 7 இரவுகளில் தூங்கும் நேரத்தில் வேறுபடுகிறார்களா?

யாரை, எதை, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை அட்டவணை விடாமல் கேட்பதால்தான் இது பயன்படுகிறது. கேள்வி தாங்கக்கூடிய அளவையும் அது காட்டிவிடும்: 60 பேரிடம் தரவு திரட்ட முடிந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் சுமார் 30 பேர் கிடைப்பார்கள், ஆண், பெண் என்றும் மூன்று கல்வியாண்டுகள் என்றும் மேலும் பிரித்தால் 12 கட்டங்களாகி, கட்டத்துக்கு ஐந்து பேரே மிஞ்சுவார்கள், அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் இவ்வட்டவணை வேறுபாட்டை மட்டுமே காட்டும் என்பதால், "விடுதி வாழ்க்கை தூக்கத்தைக் குறைக்கிறதா" என்று காரணம் தேடும் கேள்வியாக அதை மாற்றிவிடாதீர்கள்.

ஒருவரது அனுபவத்தை ஆழ்ந்து கேட்கும் நேர்காணல் ஆய்வுக்கும், இலக்கியப் பிரதியை வாசித்து விளக்கும் ஆய்வுக்கும் இம்முறை பொருந்தாது. அங்கே முன்கூட்டியே கட்டம் போட்டால், எதிர்பாராமல் வெளிப்படக்கூடியது விடுபட்டுப்போகும்.